அட்டிக் இன்சுலேஷனும் டிகிரி நாள் கணக்கும்

கனடாவில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் அக்டோபர் பிறந்தால் போதும், தபால் பெட்டியில் பீட்சா விளம்பரங்களோடு இன்சுலேஷன் விளம்பரங்களும் வந்து விழ ஆரம்பித்துவிடும். "அட்டிக்கில் ஆர்-60 போடுங்கள், கேஸ் பில்லில் 30 சதவீதம் வரை மிச்சம்." அந்த 'வரை' என்ற சொல்லுக்குள் பூஜ்யமும் அடக்கம் என்பதை விட்டுவிடலாம். எதில் 30 சதவீதம், எந்த வீட்டுக்கு, இப்போது அந்த அட்டிக்கில் என்ன கிடக்கிறது என்று எதையும் கேட்காமல் ஒரு எண்ணை எப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பழைய காஸ் பில்லும், வானிலைத் துறை தினமும் இலவசமாகத் தரும் ஒரு எண்ணும் இருந்தால் போதும். அந்த எண்ணுக்குப் பெயர் டிகிரி நாள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது. சரிவான மரக்கூரை, அதற்குக் கீழே ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு வெற்று இடம், அதற்கும் கீழே நம் அறைகளின் சீலிங். அந்த வெற்று இடம்தான் அட்டிக். ஈரம் சேராமல் இருக்க அதற்கு வெளிக்காற்று வந்து போகும் வழி வைத்திருப்பார்கள். அதனால் குளிர்காலத்தில் அட்டிக் கிட்டத்தட்ட வெளிக்குளிரிலேயே இருக்கும். சூடு போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் என்பது சீலிங்குக்கு மேல் பரப்பிய கண்ணாடிப் பஞ்சோ, மருந்து சேர்த்து அரைத்த காகிதத் தூளோதான். 1960களில் கட்டிய வீடுகளில் அது பெரும்பாலும் மூன்று நான்கு அங்குலம்தான் இருக்கும், என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

சரி, டிகிரி நாள். ஒரு நாளின் உச்ச வெப்பநிலை −2, குறைந்தபட்சம் −10 என்றால் சராசரி −6. அதை 18இலிருந்து கழித்தால் 24. அன்றைக்கு 24 டிகிரி நாள், அவ்வளவுதான். சராசரி 18க்கு மேலே போன நாளுக்குப் பூஜ்யம். இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே போனால் டொரொண்டோ விமான நிலையத்தில் ஒரு சாதாரண ஜனவரிக்கு 700 வரும். ஸ்கார்பரோவுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து 3,800 என்று கட்டட விதிகளின் அட்டவணை சொல்கிறது. ஏரிக்கரையை ஒட்டிய நகர மையத்துக்கு அதே அட்டவணையில் 3,520. ஒரே நகரம்தான், ஏரியும் கான்கிரீட்டும் சேர்ந்து 280 டிகிரி நாளைக் குறைத்துவிடுகின்றன.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்கள் வீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. 1878இல் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர் பயிர் வளர்ச்சிக்குத் தேவையான வெப்பத்தைக் கூட்டிப் பார்க்க இதைப் பயன்படுத்தினார். பிறகு 1920களில் அமெரிக்க காஸ் கம்பெனிகள் இதை எடுத்துக்கொண்டன. வாடிக்கையாளர் வீடுகளில் எரியும் காஸ், வெளியே 65 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அதற்கு ஏற்றபடி ஏறுவதை அவர்கள் பார்த்தார்கள். 65 ஃபாரன்ஹீட் என்பது 18.3 செல்சியஸ், அதுதான் இங்கே 18 ஆனது. பிரிட்டனில் 15.5ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். இந்த அடிப்படை எண்ணில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் எல்லோரும் போடும் கணக்கைப் போட்டுவிடுவோம். என் ஒற்றைத் தள வீட்டின் சீலிங் 90 சதுர மீட்டர், அதாவது 970 சதுர அடிபோல. இப்போது இருப்பது ஆர்-12. ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு, அதைத் தலைகீழாக்கினால் எவ்வளவு சூடு கசியும் என்பது கிடைக்கும். ஆனால் ஆர்-12 என்பது அடி, பவுண்டுக் கணக்கு. 5.68ஆல் வகுத்தால் மெட்ரிக்கில் 2.1. தலைகீழாக்கினால் 0.473. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக 0.473 வாட் போகிறது என்று பொருள். ஆர்-60க்கு இதே கணக்கில் 0.095. இரண்டுக்கும் வித்தியாசம் 0.378, அதை 90 சதுர மீட்டரால் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு 34 வாட் மிச்சம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், வருடத்துக்கு 3,800 டிகிரி நாள்:

```
34 × 24 × 3,800 ÷ 1,000 ≈ 3,100
```

வருடத்துக்கு 3,100 கிலோவாட் மணி வெப்பம் வெளியே போகாமல் நிற்கும். ஒரு கன மீட்டர் காஸில் 10.5 கிலோவாட் மணி இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் காஸ் உலையான ஃபர்னஸ் 95 சதவீதத் திறனுள்ளது என்றால் அதில் பத்தை வீட்டுக்குள் கொடுக்கும். ஆகவே 310 கன மீட்டர் மிச்சம். கொண்டுவந்து சேர்க்கும் செலவும் வரியும் சேர்த்து ஒரு கன மீட்டர் 45 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 140 டாலர்.

இங்கேயே ஒன்றைக் கவனிக்கலாம். ஆர்-12இலிருந்து ஆர்-40 வரை போட்டாலே அந்த 34 வாட்டில் 30 கிடைத்துவிடும். 40இலிருந்து 60க்குப் போவதற்கு மிச்சம் நான்கு வாட்தான். ஏற்கெனவே ஆர்-40 இருக்கும் வீட்டுக்காரரிடம் வந்து ஆர்-60 போடச் சொன்னால் அவருக்குக் கிடைக்கப் போவது வருடத்துக்கு 40 கன மீட்டர் காஸ், பதினெட்டு டாலர். விளம்பரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் விலை பேசுவதற்கு முன் ஏணி போட்டு ஏறி, ஒரு அளவுகோலைக் குத்தி எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இப்போது அந்த 18க்கு வருவோம். வீட்டுச் சூட்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் என் தெர்மோஸ்டாட் 21இல் இருக்கிறது, 18இல் இல்லை. அப்புறம் ஏன் 18இலிருந்து கழிக்கிறோம்? ஏனென்றால் வீட்டைச் சூடாக்குவது ஃபர்னஸ் மட்டும் இல்லை. நாலு பேர் உடம்புச் சூடு, ஃபிரிட்ஜ், அடுப்பு, டிவி, தெற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் எல்லாம் சேர்ந்து என் வீட்டில் சராசரியாக 900 வாட் என்று வைக்கலாம். வீட்டின் சுவர், ஜன்னல், சீலிங், காற்றுக் கசிவு எல்லாம் சேர்த்து ஒரு டிகிரிக்கு 200 வாட் போகிறது என்றால், அந்த 900 வாட் தனியாகவே வீட்டை வெளியை விட நாலரை டிகிரி சூடாக வைத்துவிடும். ஆகவே வெளியே 16.5க்குக் கீழே இறங்கினால்தான் ஃபர்னஸுக்கு வேலை. இதைச் சமநிலை வெப்பநிலை என்பார்கள். 18 என்பது நூறு வருடத்துக்கு முந்தைய, ஓட்டை ஒடிசலான வீடுகளின் சமநிலை. இன்சுலேஷன் கூடக் கூட அது கீழே இறங்கும்.

அப்படியானால் 16.5ஐ அடிப்படையாக வைத்து டிகிரி நாளைக் குறைத்துக்கொண்டு மறுபடி பெருக்கலாமே என்று தோன்றும். இணையத்தில் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், 'நான் துல்லியமாகப் போட்டேன், உண்மையான மிச்சம் இன்னும் குறைவு' என்கிறார்கள். 16.5க்கு டிகிரி நாள் 3,400 சொச்சம் வரும், 34 வாட்டால் பெருக்கினால் 2,800 கிலோவாட் மணி. ஆனால் இது தலைகீழான திருத்தம்.

யோசித்துப் பாருங்கள். ஜனவரி ராத்திரி, வெளியே −10, உள்ளே 21. சீலிங் வழியாக சூடு போவது 31 டிகிரி வித்தியாசத்துக்குத்தான், 26.5 டிகிரிக்கு இல்லை. நாலு பேர் உடம்புச் சூடு இருக்கிறது என்று சீலிங்குக்குத் தெரியாது. ஃபர்னஸ் ஓடும் நாட்களில் அந்த 900 வாட் இன்சுலேஷனுக்கு முன்னும் வருகிறது, பின்னும் வருகிறது. ஆகவே சீலிங்கில் தடுத்து நிறுத்திய ஒவ்வொரு வாட்டும் நேராக ஃபர்னஸ் கணக்கில்தான் கழிகிறது. மொத்தச் செலவைக் கணக்கிட சமநிலை வெப்பநிலை சரி. வித்தியாசத்தைக் கணக்கிட அது மட்டும் போதாது.

சரியான வழி, முழு வீட்டையும் இரண்டு தடவை கணக்கிட்டுக் கழிப்பது. முன்பு டிகிரிக்கு 200 வாட், சமநிலை 16.5, அதற்கு ஏறத்தாழ 3,425 டிகிரி நாள். பின்பு 166 வாட். அதே 900 வாட் இப்போது வீட்டை 5.4 டிகிரி தூக்கும், சமநிலை 15.6க்கு இறங்கும், டிகிரி நாளும் 3,210 ஆகக் குறையும்.

```
முன்பு:   200 × 24 × 3,425 ÷ 1,000 = 16,440
பின்பு:   166 × 24 × 3,210 ÷ 1,000 ≈ 12,790
மிச்சம்:  3,650
```

வெறும் 3,800 வைத்துப் போட்ட 3,100ஐ விட இது 550 கூடுதல். காஸில் 366 கன மீட்டர், பணத்தில் 165 டாலர். இன்சுலேஷன் போட்டால் ஒவ்வொரு குளிர்நாளிலும் இழப்பு குறைவதோடு, அக்டோபரில் ஃபர்னஸ் தாமதமாகத் தொடங்கி மே மாதத்தில் சீக்கிரம் ஓய்கிறது. ஆனால் இரண்டாவது கணக்கில் கூடுதலாக வந்து சேருவது பெரும்பாலும் அந்த ஓரத்து நாட்களிலிருந்து இல்லை, சீலிங் சூட்டை இழப்பது 18இலிருந்து இல்லாமல் 21இலிருந்து என்பதால் ஃபர்னஸ் ஓடும் ஒவ்வொரு நாளும் சேரும் மூன்று டிகிரியிலிருந்துதான். 3,425, 3,210 போன்ற எண்களுக்கு எங்கே போவது என்றால், தினசரி சராசரி வெப்பநிலைப் பட்டியலை இறக்கி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் 18க்குப் பதிலாக வேண்டிய எண்ணைக் கொடுத்தால் அதுவே கூட்டித் தரும்.

இனி விளம்பரத்தின் 30 சதவீதத்தோடு ஒப்பிடலாம். இந்த வீடு சூட்டுக்கு 1,650 கன மீட்டர், வெந்நீருக்கும் அடுப்புக்கும் 540, மொத்தம் 2,190 கன மீட்டர் எரிக்கிறது. 366 என்பது மொத்தத்தில் 17 சதவீதம், சூட்டுச் செலவில் மட்டும் பார்த்தால் 22. ஆர்-12 மாதிரி மோசமான நிலையிலிருந்து போயும் இவ்வளவுதான், காரணம் சீலிங் தவிர்த்த மற்ற இழப்புகள் அப்படியே இருக்கின்றன. வேலைக்கு 2,500 டாலர் கேட்டால் காசு திரும்பி வர 15 வருடம். நான் போடுவேன், ஏனென்றால் படுக்கையறை குளிராமல் இருப்பதற்கும் எனக்கு ஒரு விலை உண்டு. ஆனால் ஐந்து வருடத்தில் வீட்டை விற்கப் போகிறவரிடம் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

காகிதத்தில் கிடைத்த 366 பில்லில் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். போன வருட ஜனவரி பில்லையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 2015 பிப்ரவரி இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. டொரொண்டோ விமான நிலையத்தில் மாதச் சராசரியே −12.5ஐ ஒட்டி இருந்தது, பதிவுகளிலேயே மிகக் குளிரான மாதம். 28 நாளில் 857 டிகிரி நாள். இன்சுலேஷன் போட்ட கையோடு அப்படி ஒரு பிப்ரவரி வந்தால் என் வீட்டின் பில் எவ்வளவு காட்டும் என்று போட்டுப் பார்த்தேன்: 356 கன மீட்டர். இன்சுலேஷன் இல்லாமல் ஒரு சாதாரண ஜனவரிக்கு எவ்வளவு? 358. இரண்டையும் பார்த்துவிட்டு "காசு தண்டம்" என்று சொல்லாதவர் யார்? இதற்கு எதிர்மாறாக, மிதமான குளிர்காலம் வந்தால் ஒன்றுமே செய்யாத கான்ட்ராக்டரும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவார்.

அதனால் பில்லை அப்படியே பார்க்கக் கூடாது. ஜூலை பில்லை எடுங்கள், அதில் 45 கன மீட்டர் இருந்தால் அது வெந்நீர், சமையல். அதை ஒவ்வொரு குளிர்கால பில்லிலிருந்தும் நாள் கணக்குப்படி கழித்துவிடுங்கள். மிச்சத்தை அந்த பில்லின் தேதிகளுக்குள் வந்த டிகிரி நாளால் வகுங்கள். (பில்லின் தேதிகள், மாதத்தின் தேதிகள் இல்லை. மீட்டர் 17ஆம் தேதி படிக்கப்பட்டால் 17இலிருந்து 17 வரை கூட்ட வேண்டும். 'உத்தேசம்' என்று அச்சிட்ட பில்லைத் தொடவே வேண்டாம்.) முந்தைய ஜனவரிக்கு 313ஐ 700ஆல் வகுத்தால் ஒரு டிகிரி நாளுக்கு 0.45 கன மீட்டர். பயங்கரமான பிப்ரவரிக்கு 315ஐ 857ஆல் வகுத்தால் 0.37. அப்போதுதான் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த 0.45 என்ற எண்ணுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பத்தால் பெருக்கி 24ஆல் வகுத்தால் கிலோவாட்டில் வரும், அதை ஆயிரத்தால் பெருக்கினால் உங்கள் வீடு டிகிரிக்கு எத்தனை வாட் இழக்கிறது என்பதே ஓரளவு வந்துவிடும், இங்கே 187 வாட். 200 என்று எடுத்திருந்தோம். 18ஐ அடிப்படையாக வைத்ததால் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. யாரும் வீட்டுக்குள் வந்து எதையும் அளக்காமல் ஒரு பில் இவ்வளவு சொல்கிறது. வேலைக்கு முன்பே இதைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வீடே 120 வாட்தான் இழக்கிறது என்று வந்தால் சீலிங்கில் மட்டும் 34 மிச்சப்படுத்தலாம் என்ற வாக்குறுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏப்ரல், மே, அக்டோபர் பில்களை நான் இந்தச் சோதனைக்கு நம்புவதில்லை. பகலில் 25, ராத்திரி 9 என்று ஒரு நாள் இருந்தால் சராசரி 17, ஒரு டிகிரி நாள். ஆனால் பகலில் வாங்கிய வெயிலை வைத்து வீடு ராத்திரியைச் சமாளித்துவிடும், ஃபர்னஸ் எரியவே எரியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை போதும்.

0.45 என்பது 0.37க்கோ அதற்குக் கீழோ போகாமல் 0.42இல் நின்றுவிட்டால்? பொருள் சரியாகவே இருக்கும், ஓட்டைகளைத்தான் தேட வேண்டும். அட்டிக்குக்குள் போகும் அந்தச் சதுரக் கதவைப் பாருங்கள், பல வீடுகளில் அது வெறும் பிளைவுட் பலகை. அரைச் சதுர மீட்டர்கூட இருக்காது. ஆனால் வெறும் பலகை வழியாக டிகிரிக்கு 1.2 வாட் போகும். ஆர்-60 போட்ட மொத்த சீலிங்கும் சேர்ந்து இழப்பதே 8.5 வாட்தான். 90 சதுர மீட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு, மொத்த சீலிங்கும் இழப்பதில் ஏழில் ஒரு பங்கை ஒரே ஒரு பலகையில் இழக்கிறோம். பலகையின் முதுகில் கெட்டியான ஃபோம் ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை போட ஒரு மத்தியானம் போதும். சீலிங்கில் பதித்த விளக்குகள், கழிவுக் குழாய் மேலே போகும் துளை, பாத்ரூம் ஃபேன் குழாய் இவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடைக்காமல் மேலே காகிதத் தூளைக் கொட்டினால் சூடான காற்று அதனூடே ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். ஆர் மதிப்பு அசையாத காற்றுக்கானது. டிகிரி நாள் கணக்கு இந்த ஓட்டைகளைப் பார்ப்பதில்லை, பில்தான் பார்க்கிறது. இன்னொரு காரணமும் இருக்கலாம்: வீடு கதகதப்பானதும் யாரோ தெர்மோஸ்டாட்டை 22க்கு ஏற்றியிருப்பார்கள்.

இந்தக் கதையைச் சென்னையில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னபோது அவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "எங்களுக்கும் அதே மாதிரி ஏசிக்கு ஒரு எண் இருக்கும்ல? மாடியில ஷீட் ஒட்டச் சொல்றாங்க, கணக்குப் போட்டுச் சொல்லுங்க மச்சான்." எண் இருக்கிறது. 18க்கு மேலே உள்ள டிகிரிகளைக் கூட்டினால் சென்னைக்கு 3,900ஐ ஒட்டி வரும், ஸ்கார்பரோவின் குளிருக்குக் கிட்டத்தட்ட சமம். அதற்காக அதே பெருக்கலைப் போட்டால் தப்பாகிவிடும். சென்னையில் 18 டிகிரிக்கு யாரும் ஏசி போடுவதில்லை, ஸ்வெட்டரைத் தேடுவார்கள். 26ஐ அடிப்படையாக வைத்தால் அந்த 3,900 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் அதுவும் உண்மை இல்லை, இந்தத் தடவை எதிர்ப்பக்கம் தப்பு. டிகிரி நாள் நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலையை வைத்துப் போட்டது. மச்சானின் மொட்டை மாடி நிழலில் இல்லை. ஏப்ரல் மதியம் காற்று 35 என்றால் கான்கிரீட் தளத்தின் மேல்பரப்பு 50ஐத் தாண்டும். இரவையும் சேர்த்து 24 மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால்கூட வெயில் ஒரு நாலைந்து டிகிரியைத் தளத்தின்மேல் கூட்டிவிடும். குளிர்நாட்டில் 31 டிகிரி வித்தியாசத்தோடு வேலை செய்கிறபோது நாலு டிகிரி பெரிய விஷயம் இல்லை. சென்னையில் காற்றுக்கும் அறைக்கும் உள்ள சராசரி வித்தியாசமே மூன்று டிகிரி, ஆகவே நாலு கூடினால் கூரைக்கான டிகிரி நாள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கூடுதல் முழுவதும் வெயிலிலிருந்து வருவதால், தளத்தில் வெள்ளைப் பூச்சு அடித்தாலோ வெள்ளை ஓடு பதித்தாலோ அதில் பெரும்பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிவிடலாம். இன்சுலேஷன் ஷீட் அதற்கப்புறம் மிச்சம் இருப்பதைத்தான் குறைக்கும்.

மச்சானிடம் நான் கேட்டது வேறு. ஏசி எத்தனை மணிக்குப் போடுகிறார்? ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, மேல்மாடியில் ஒரே ஒரு படுக்கையறைக்கு. அப்படியானால் கணக்கில் 24 மணி நேரத்துக்கு இடமே இல்லை. மதியம் தளத்தில் ஏறிய சூடு ஆறு அங்குல கான்கிரீட்டைக் கடந்து அறைக்குள் இறங்குவது சாயங்காலம்தான், பத்து மணிக்கு ஏசி எதிர்கொள்வது அந்தப் பழைய வெயிலை. அவர் வெள்ளைப் பூச்சை மே மாதத்துக்கு முன் அடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு சீலிங்கைத் தொட்டுப் பார்க்கலாம், அல்லது மின்சாரச் செலவு காட்டும் பிளக் கிடைத்தால் ஏசிக்கு நடுவில் மாட்டி இரண்டு வாரம் முன், இரண்டு வாரம் பின் எழுதி வைக்கலாம். ஏசியின் ஆம்பியரைத் தாங்கும் பிளக்காகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், சாதாரண 6 ஆம்பியர் பிளக் உருகிவிடக்கூடும்.